தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு

மாடிக் குளியலறைக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்து டைல்ஸ் ஒட்டும் வேலை. "கீழே கசியக் கூடாது மேஸ்திரி" என்கிறார் வீட்டுக்காரர். "பண்ணிடலாம் சார்" என்கிறார் மேஸ்திரி. ஒத்துக்கொண்டதுபோல்தான் தெரிகிறது. ஆனால் மேஸ்திரிக்கு, டைல்ஸ் இடுக்கை அடைத்துத் துடைத்தால் வேலை முடிந்தது. வீட்டுக்காரருக்கோ, கீழ் அறைக் கூரை காய்ந்தே இருந்தால்தான் முடிந்தது. கடைசித் தவணைப் பணம் இந்த இடைவெளியில்தான் சிக்கிக்கொள்கிறது.

பூச்சு அடிக்கும் முன்பே முடிவைச் சோதனையாக எழுதிக்கொண்டால் பாதிச் சண்டை இல்லை. பூச்சு காய்ந்ததும் வடிகுழாயின் வாயை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 24 மணி நேரம் விட வேண்டும். மறுநாள் கீழ்க்கூரையில் ஈரமோ, ஆவியானதற்கு மேல் மட்டத்தில் இறக்கமோ இருக்கக் கூடாது. டைல்ஸ் ஒட்டிய பின் ஒரு வாளி ஊற்றினால் தண்ணீர் எங்கும் தேங்காமல் வடிய வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் அதற்குப் போதும். தட்டினால் எந்த டைல்ஸும் பொள்ளல் சத்தம் தரக் கூடாது. இவற்றை இருவரும் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். அதனால் அனுபவம் இல்லாத வீட்டுக்காரரும் மேஸ்திரிக்குச் சமமாக நின்று பேச முடிகிறது. இந்த முறையின் பெரிய பலம் என்று நான் கருதுவது இதைத்தான்.

பலவீனமும் அதே சோதனைக்குள் இருக்கிறது. குழாய் வாயை அடைத்துவிடுவதால் அதற்குக் கீழே உள்ள குழாய் இணைப்புகள் சோதனைக்கு வருவதே இல்லை. அதைவிட மோசமானது, பூச்சு தேறிய மறுவாரம் பிளம்பர் வந்து குழாய்க்காகத் தரையை உடைப்பது. மேஸ்திரி சொன்னதைச் செய்துவிட்டார், பிளம்பரும் செய்துவிட்டார், கசிவு மட்டும் யாருடையதும் இல்லை. பிளம்பர் வேலை முடிந்த பிறகு தண்ணீர் கட்ட வேண்டும் என்று எழுதாத ஒப்பந்தம் அரை ஒப்பந்தம்தான்.

இன்னொன்று கூலி. தண்ணீர் நிற்கும் அந்த ஒரு நாள் கொத்தனாருக்கு வேலை இல்லாத நாள். அதற்கு விலை பேசாவிட்டால், காயும் முன்பே தண்ணீரை ஊற்றவும் அரை நாளில் வடித்துவிடவும் அவசரம் வரும். அந்த அவசரத்தை அவர் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய வீடு என்றால் வேறொரு சிக்கலும் உண்டு: தரையை உடைத்த பிறகே கம்பி துருப்பிடித்தது தெரிகிறது. முன்பு பேசிய முடிவையே பிடித்துக்கொண்டு பணத்தை நிறுத்துவது அங்கே அநியாயம். உடைத்துப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்து பேசுவது என்பதையும் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

சோதனையை எழுதுங்கள், காத்திருக்கும் நாளின் கூலியையும் அதே தாளில் எழுதுங்கள்.