போக வேண்டிய பரு, இருக்க வேண்டிய வடு

ஒரு கல்யாண ஆல்பத்தைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது நகையையோ மேடை அலங்காரத்தையோ அல்ல. பெண்ணின் தாடை ஓரத்தைப் பார்ப்பேன். டச்சிங் செய்தவர் எப்படிப்பட்டவர் என்பது அங்கே தெரிந்துவிடும். பருவை எடுத்த இடத்தில் தோலின் துளைகள் அப்படியே தொடர்ந்து ஓடினால் கை தேர்ந்தவர். அங்கே மட்டும் வழவழவென்று இருந்தால், பருவோடு சேர்த்துத் தோலையும் எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அதற்கடுத்து மச்சத்தைத் தேடுவேன். அது அதன் இடத்தில் இருந்தால்தான் மேற்கொண்டு பக்கத்தைப் புரட்ட மனம் வரும்.

இந்த ரசனையை எனக்குள் விதைத்தவர் கோவை டவுன்ஹால் பக்கத்து ஸ்டுடியோ ஒன்றில் நெகட்டிவ் டச்சிங் செய்துகொண்டிருந்த ஓர் அண்ணன். ஜன்னலோரம் சாய்வு மேசை, கீழே வெளிச்சத்தை மேலே திருப்பும் கண்ணாடி, நடுவில் ஹாஃப் பிளேட் நெகட்டிவ். டர்பன்டைனில் கரைத்த டாமர் பிசினைத் துணியில் தொட்டு நெகட்டிவ் மேல் லேசாகத் தடவுவார். அப்போதுதான் பென்சில் வழுக்காமல் பிடிக்கும். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து பென்சில் முனையை ஊசியாக்கிக்கொள்வார். கோடு போட மாட்டார். கால்புள்ளி போலச் சின்னச் சின்னச் சுழிப்புகள், ஒன்றன்மேல் ஒன்று படாமல், தோலின் போக்கிலேயே வைத்துக்கொண்டு போவார்.

அவருக்கு எதிரி அன்றைய பிலிமே. பழைய ஆர்த்தோ பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. கண்ணுக்கு இளஞ்சிவப்பாக இருக்கும் பரு, பிரிண்டில் கரும்புள்ளியாக வந்து உட்காரும். லேசான தடிப்புகூட கரித்துணியால் துடைத்தது போல் தெரியும். நெகட்டிவில் அந்த இடம் வெளிறிக் கிடக்கும். பென்சிலால் அதை அடர்த்தியாக்கினால் பிரிண்டில் வெளுக்கும். பென்சிலால் வெளுக்க மட்டுமே முடியும். கருக்க வேண்டுமானால் கத்தி முனையால் எமல்ஷனைச் சுரண்ட வேண்டும். அதில் கை ஒரு மயிரிழை தவறினால் நெகட்டிவ் போச்சு. அதனால்தான் அந்தக் காலத்து நல்ல டச்சிங்காரர்கள் கத்தியைத் தொடுவதற்கு முன் நெடுநேரம் யோசித்தார்கள். பிற்பாடு 35 மில்லிமீட்டர் பிலிம் வந்தது. தபால் தலை அளவு நெகட்டிவில் பென்சில் வைத்தால் என்லார்ஜ் பண்ணும்போது அந்தச் சுழிப்பே பெரிதாகத் தெரியும். அண்ணனின் மேசை அதோடு காலியானது.

அவர் எதை எடுப்பார் என்பதைவிட எதைத் தொடமாட்டார் என்பதுதான் என்னை ஈர்த்தது. பெரியம்மைத் தழும்பு உள்ள பெரியவர்கள் நிறையப் பேர் படமெடுக்க வருவார்கள். இந்தியாவில் பெரியம்மை 1975-ல் ஒழிந்தது. அதற்கு முன் பிறந்த பெரியவர்கள் இருந்த கொங்கு வீடுகள் பலவற்றில் அந்த வடு உண்டு. அண்ணன் ஒவ்வொரு குழியின் நிழலையும் பாதியாகக் குறைப்பார், குழியை மூடமாட்டார். "மூடிப் போட்டம்னா வூட்டுக்குப் போயி இது ஆருன்னு கேப்பாங்க கண்ணு" என்பார். இன்று நினைவஞ்சலி பேனரில் அதே தாத்தாவைப் பார்க்கிறேன். வடு ஒன்றுகூட இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவர் முகம் இனிமேல் அப்படித்தான் நினைவில் நிற்கும்.

வழவழப்பை ரசிப்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் பெரிய சாட்சியும் உண்டு. ஹாலிவுட்டில் 1931-ல் ஜார்ஜ் ஹர்ரல் எடுத்த நடிகை ஜோன் கிராஃபோர்டின் படம் டச்சிங்குக்கு முன், பின் என்று இரண்டாகக் கிடைக்கிறது. முன் படத்தில் முகமெல்லாம் புள்ளி தெளித்திருக்கும். ஜேம்ஸ் ஷார்ப் என்ற டச்சிங் கலைஞர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பென்சில் வைத்த பின் படத்தில் சலவைக்கல் மாதிரி ஒரு முகம். கைவேலையாக அது உச்சம்தான், மறுக்க முடியாது. ஆனாலும் அந்தப் புள்ளிகள் அவர் தோலின் இயல்பு, நாளைக்கும் இருக்கும். சினிமா விளம்பரத்துக்கு அது சரி. நம் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு எனக்கு முன் படம்தான் வேண்டும்.

உலகமெங்கும் டச்சிங் செய்பவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: இரண்டு வாரத்தில் தானாகப் போகக்கூடியதை எடு, மற்றதை விடு. நல்ல கணக்குதான், ஆனால் வெள்ளைத் தோலை வைத்துப் போட்ட கணக்கு. நம் மாநிறத்தில் பரு ஆறினாலும் அதன் இடத்தில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் தங்கும். இரண்டு வார விதிப்படி அதை விட வேண்டும். கல்யாணப் பெண்ணிடம் கேட்டால் எடுக்கச் சொல்வாள். இரண்டுக்கும் நடுவில்தான் வழி இருக்கிறது: அழிக்காமல் பாதி வெளுப்பது.

எது போகக்கூடியது, எது நிலையானது என்று படத்தை வைத்தே கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் மூலப் படத்தைத் திறந்து Ctrl+3 அழுத்தினால் சிவப்புச் சானல் மட்டும் கறுப்பு வெள்ளையில் தெரியும். இரத்தச் சிவப்பால் வந்த பருவும் தடிப்பும் அதில் ஏறக்குறைய மறைந்துபோகும். மச்சம், பழுப்புக் கறை போன்ற நிறமியால் வந்தவையும், வடுவின் குழி நிழலும் அதில் நிற்கும். Ctrl+5 அழுத்தி நீலச் சானலைப் பார்த்தால் எல்லாமே பூதாகரமாகத் தெரியும். அது அன்றைய ஆர்த்தோ பிலிமின் பார்வை மாதிரி. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் முகத்தின் பட்டியல் தயார். சோதனைக்கும் எல்லை உண்டு: மச்சத்தையும் புதுப் பருவின் கறையையும் அது பிரித்துச் சொல்லாது. அதற்கு ஆறு மாதத்துக்கு முந்தைய படம் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவைக் கேட்க வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் நடந்த ஒரு கல்யாணத்தின் மூலப் படத்தை எடுத்துக்கொள்வோம். தாடையில் சிவந்த பரு இரண்டு. முந்தின நாள் செய்த ஃபேஷியலால் இரு கன்னத்திலும் தடிப்பு. நெற்றியில் வேர்க்குரு. வலக் கன்னத்தில் பழைய பருக்களின் பழுப்புக் கறை. புருவத்துக்கு மேல் சின்னம்மை வடு. மேலுதட்டுக்கு மேலே மச்சம். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. இவற்றோடு முகம் முழுக்க நலங்கு மஞ்சள்.

தடிப்பில் தோலின் மேடு பள்ளம் கெடுவது குறைவு, நிறம்தான் கெட்டிருக்கும். ஆகவே நிறத்தை மட்டும் தொட வேண்டும். Color முறையில் வைத்த காலி லேயரில், பக்கத்து நல்ல தோலின் நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் மெல்ல மெல்லப் பூச வேண்டும். நிறத்தைக் கழுத்திலிருந்து எடுக்கக் கூடாது. முகத்தில் மஞ்சள் ஏறியிருக்கும், கழுத்தில் ஏறியிருக்காது. எடுத்தால் கன்னம் சாம்பல் பூத்துப்போகும். அந்த மஞ்சளும் இரண்டு நாளில் போவதுதான். ஆனாலும் அது அந்த நாளுக்கு உரியது, இருக்கட்டும். திருஷ்டிப் பொட்டும் அப்படியே.

பருவில் மூன்று பங்கு: மேலே ஒளிப்புள்ளி, கீழே நிழல், சுற்றிலும் சிவப்பு வளையம். முதலில் வளையத்தை மட்டும் மேலே சொன்ன முறையில் தணித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். பல பருக்கள் அதோடு கண்ணிலிருந்து நழுவிவிடும். மிஞ்சினால்தான் ஹீலிங் பிரஷ். 2002-ல் ஃபோட்டோஷாப் 7-ல் வந்த கருவி அது. இன்றும் அதற்கு நிகராக நான் எதையும் மதிப்பதில்லை. பிரஷ் பருவைவிட ஒரு சுற்றுத்தான் பெரிதாக இருக்க வேண்டும். தாடைப் பருவுக்குத் தாடைத் தோலையே எடுக்க வேண்டும். கன்னத்துத் துளைகள் வேறு அளவு, ஒளி விழும் பக்கமும் வேறு. தவறினால் படத்தைச் சின்னதாக்கிப் பார்க்கும்போது அந்த இடம் வெளிறிய வட்டமாகக் காட்டிக்கொடுக்கும். நெற்றி வேர்க்குருவுக்கும் இதே வழிதான், கூடவே அதிகப் பொறுமை வேண்டும். கறையைத் தனி லேயரில் எடுத்து, அந்த லேயரைப் பாதியாகக் குறைக்கலாம். சின்னம்மை வடுவின் நிழலைச் சற்றுத் தணித்து விட்டுவிடலாம். மச்சத்தில் கையே வைக்க வேண்டாம்.

இன்றைய வேலையில் எனக்குள்ள மனக்குறை இந்த இடத்தில்தான். நூற்றுக்கணக்கான படங்களை ஒரே சொடுக்கில் ஓட்டுகிறார்கள். மென்பொருளுக்குக் கரும்புள்ளி எல்லாம் ஒன்றுதான்: பரு, மச்சம், திருஷ்டிப் பொட்டு மூன்றையும் துடைத்துவிடுகிறது. முகூர்த்தப் படத்தில் இருக்கும் மச்சம் வரவேற்புப் படத்தில் இல்லை. இன்னும் மோசம், பக்க வடிவமைப்புக்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுவது. நம் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று எழுதிக் கொடுத்த மச்சம் எதிர்க் கன்னத்துக்குப் போய்விடுகிறது. முந்தானை வலத்தோளில் கிடந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று பெரும்பாலும் அறியலாம். செல்ஃபியை மூலமாகக் கொடுத்தாலும் இதே ஆபத்து உண்டு. பல போன்கள் கண்ணாடிப் பிம்பமாகவே சேமிக்கின்றன, போதாக்குறைக்குத் தோலையும் எடுக்கும்போதே மெழுகிவிடுகின்றன. அப்படி மெழுகிய படத்தில் எந்தச் சோதனையும் பலிக்காது. எடுக்கப்படாத துளையை எவராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஆகவே ஆல்பம் செய்யக் கொடுக்கும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்: எந்த மச்சம், எந்த வடு, எந்தப் பக்கம் என்று. பியூட்டி மோடை அணைத்து எடுக்கச் சொல்லுங்கள். டச்சிங் செய்யாத மூலப் படங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள். பருவை இன்று எடுக்காவிட்டாலும் பிறகு எடுத்துக்கொள்ளலாம்; துடைத்துவிட்ட வடுவைத் திரும்பப் பெற அந்த மூலப் படத்தைத் தவிர வேறு வழியில்லை.