செய்திமடலும் தாயும்

பாடசாலைச் செய்திமடலொன்று நம் கைக்கெட்டியது. "வருடாந்த பரிசளிப்பு வைபவத்திற்குப் பெற்றோர் சகலரும் பிரசன்னமாகி, சிரேஷ்ட மாணவரின் கலா நிகழ்ச்சிகளைக் கண்டு ஆனந்திக்குமாறு விநயமாகப் பிரார்த்திக்கிறோம்" என்கிறது அது. கொழுந்து கொய்து திரும்பிய தாயொருத்தி இதனை எழுத்துக்கூட்டிப் படித்தால் "பிரசன்னமாகி" என்ற இடத்திலேயே நின்றுவிடுவாள். பிரசன்னமாவது தெய்வமன்றோ!

"ஆண்டுப் பரிசளிப்பு விழாவுக்குப் பெற்றோர் எல்லோரும் வாருங்கள், மேல்வகுப்பு மாணவரின் கலைநிகழ்ச்சிகளும் உண்டு" என்றால் போதாதா? "விநயமாக" என்பதற்கு ஈடு தேடவேண்டியதில்லை. "வாருங்கள்" என்பதிலேயே அப்பணிவு இருக்கிறது.

ஆயினும், இரவற்சொல் என்பதற்காகவே ஒன்றைத் துரத்துவது நமக்கு உடன்பாடன்று. நூலகத்துக்கு வாங்கிய "அலுமாரி" பற்றியும் அம்மடல் பேசுகிறது. அது போர்த்துக்கேயர் வழிவந்த சொல்; எனினும் வீடுதோறும் வழங்குகிறது. அதனை "நிலைப்பேழை" ஆக்கினால் அத்தாய் மறுபடியும் நின்றுவிடுவாள்.