யன்னல் கிறிலும் ஜன்னல் கிரிலும்

வெள்ளவத்தையில் குடியிருந்தபோது யன்னல் கிறில் ஆடுவதைப் பங்குனியிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன். கொழும்பில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அதற்கு முன் சித்திரைப் புத்தாண்டு வரும். பாஸ்மார் ஊருக்குப் போய்விட்டால் திரும்பிவர நாளாகும்.

"அண்ணை, அறை யன்னல் கிறில் ஆடுது. நுளம்பு வலையும் கிழிஞ்சு போச்சு. மழைக்கு முதல் செய்து தரேலுமே?"

"பாப்பம் தம்பி" என்றார். ஒரு வருட வாடகையை முற்பணமாக வாங்கியிருந்தார், அவசரம் இல்லை. வாடகையில் கழிக்கிறேன் என்று சொல்லவும் எனக்கு மிச்சமில்லை. அடுத்த வருடம் புதுப்பித்தபோது, பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டையும் உடன்படிக்கையில் எழுத வைத்தேன். கிறில் இரண்டு கிழமைக்குள் சரியானது.

அந்தக் கிறில் மரச்சட்டத்தில் திருகாணியால் பூட்டியது. கடற்காற்றில் ஆணி துருப்பிடித்து, மரத்தில் துளை பெருத்திருந்தது. அதே துளையில் புது ஆணி போட்டால் ஒரு மழைக்குள் மறுபடி ஆடும். பழைய துளையை மரக்கட்டையால் அடைத்து, சற்றுத் தள்ளி நீளமான துருப்பிடிக்காத ஆணி போடவேண்டும்.

சென்னை வேளச்சேரியில் கதை வேறு. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபரில் தொடங்குவதால் செப்டம்பரில் சொன்னால் போதும். இங்கே கிரில் சுவரில் பதித்தது. உள்ளே இரும்பு துருப்பிடித்துப் பருத்து, சுற்றியுள்ள பூச்சை வெடிக்க வைத்திருந்தது. கையால் தள்ளினால் சிமென்ட் தூள் கொட்டியது. வெல்டிங் மட்டும் வைத்தால் பயனில்லை; பூச்சைக் கொத்தி, துருவைச் சுரண்டி, மறுபடி சிமென்ட் வைத்துப் பதிக்கவேண்டும். அது காய நாள் வேண்டும்.

ஹவுஸ் ஓனரிடம் பேசப் போகும் முன் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தைப் பார்த்தேன். 2019இல் நடைமுறைக்கு வந்த அதன் அட்டவணையில், கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு. பூச்சி வலை மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. கிரில் என்ற சொல் அதில் இல்லை. சுவரில் பதிந்தது என்பதால் கட்டட அமைப்பைச் சேர்ந்ததாகவே அதைக் கருதினேன்.

"சார், கொசுவலையை நானே போட்டுக்கிறேன். கிரில் சுவத்தோட பேந்து வருது, அத நீங்க பாத்துக்குங்க" என்று, தூள் கொட்டும் படத்தையும் அனுப்பினேன். மறுநாளே கொத்தனாரை அனுப்பினார். கொழும்பிலும் இரண்டையும் பிரித்துக் கேட்டிருக்கவேண்டும் என்று இப்போது படுகிறது. வலையையும் சேர்த்துக் கேட்டதில் கிறிலும் அலங்காரச் செலவுபோலத் தெரிந்திருக்கும்.

வலையை வெல்க்ரோ வைத்து ஒட்டினேன். சட்டத்தைத் துடைத்து, வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்டவேண்டும். ஈரத்தில் ஒட்டிய பட்டை மூலையிலிருந்து கழன்று வரும். அந்த விரல்கடை இடைவெளி கொசுவுக்குப் போதும்.