கன்டெய்னருக்குள் இல்லாத கெர்னல்

கன்டெய்னரை ‘எடை குறைந்த விர்ச்சுவல் மெஷின்’ என்று அறிமுகப்படுத்தும் வழக்கம் நம் பயிற்சி வகுப்புகளில் வேரூன்றிவிட்டது. இந்த அறிமுகம் தவறானது. அதை நம்பி அமைக்கப்படும் சர்வர்களில் யாருடைய தரவு யார் கைக்கு எட்டும் என்ற கணக்கே பிசகிவிடுகிறது. விர்ச்சுவல் மெஷினுக்குள் தனியாக ஒரு கெர்னல் ஓடுகிறது. கன்டெய்னருக்குள் கெர்னலே கிடையாது. டாக்கர் நிறுவிய எந்த லினக்ஸ் கணினியிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்:

```
docker run -d --name a debian sleep 1000
docker exec a uname -r
uname -r
ps -o pid,user,args -C sleep
```

இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் ஒரே கெர்னல் பதிப்பைத்தான் காட்டும். கடைசி வரி ஹோஸ்டில் ஓடுவது. கன்டெய்னருக்குள் இருப்பதாக நாம் நினைக்கும் `sleep` அங்கே மற்ற ப்ராசஸ்களோடு சாதாரணமாக வரிசையில் நிற்கும். உள்ளேயிருந்து பார்த்தால் அதன் எண் 1. வெளியே வேறு ஏதோ ஒரு எண். பார்வையை மறைக்கும் இந்த வேலையைச் செய்பவை நேம்ஸ்பேஸ்கள். ப்ராசஸ் பட்டியல், நெட்வொர்க், மவுன்ட்கள், கணினிப் பெயர் முதலியவற்றை அவை தனித்தனியாகக் காட்டுகின்றன. சிபியு, நினைவகம் போன்றவற்றுக்கு உச்சவரம்பு வைப்பது சி-குரூப். இவை இரண்டும் ஒரே கெர்னல் தனக்குள் வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்கள்தான். ‘கன்டெய்னர்’ என்று ஒரு பொருள் லினக்ஸ் கெர்னலுக்குத் தெரியாது.

மறைக்கப்படாதவை பல. கணினி நேரம் பொது, ஏற்றப்பட்ட மாட்யூல்கள் பொது. கன்டெய்னருக்கு 512 எம்பி வரம்பு வைத்தாலும் உள்ளே `/proc/meminfo` ஹோஸ்டின் முழு நினைவகத்தையே சொல்லும். சில வரம்புகள் பயனர் எண்ணைப் பொறுத்து எண்ணப்படுவதால் ஒரு கன்டெய்னர் செலவழித்தது இன்னொன்றுக்கு இல்லாமல் போகிறது. கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் inotify இதற்கு நல்ல உதாரணம். `fs.inotify.max_user_instances` பொதுவாக 128 என்று இருக்கும். யூசர் நேம்ஸ்பேஸ் போடாத டாக்கரில் எல்லாக் கன்டெய்னர்களின் ரூட்டும் ஹோஸ்டின் அதே 0 எண் பயனர்தான் என்பதால் இந்த 128-ஐ அத்தனையும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். புதிதாகத் தொடங்கிய கன்டெய்னர் “Too many open files” என்று சொல்லி விழும். உள்ளே போய்ப் பார்த்தால் நான்கைந்து கோப்புகள்தான் திறந்திருக்கும். அப்படி ஒரு பிழை வந்தால் தேட வேண்டிய இடம் ஹோஸ்ட்.

இந்தப் பொதுப் பொருட்களிலேயே மிக முக்கியமானதாக நான் கருதுவது பேஜ் கேஷ். வட்டிலிருந்து படித்த கோப்புகளை 4096 பைட் பக்கங்களாக நினைவகத்தில் கெர்னல் வைத்துக்கொள்ளும் இடம் அது. கன்டெய்னர்களின் பெரிய பலம் இங்கேதான் பிறக்கிறது. ஒரே இமேஜிலிருந்து ஐம்பது கன்டெய்னர்களைத் தொடங்கினால், ஓவர்லே கோப்பு முறைமையில் அவற்றின் அடி அடுக்கு ஒன்றே. அந்த அடுக்கிலுள்ள சுமார் 2 எம்பி `libc` ஐம்பதுக்கும் சேர்த்து நினைவகத்தில் ஒரே பிரதியாகத்தான் இருக்கும். ஐம்பது விர்ச்சுவல் மெஷின்கள் என்றால் ஐம்பது கெர்னல்கள், ஐம்பது பேஜ் கேஷ்கள், அதே கோப்பு ஐம்பது முறை. நொடிக்குள் தொடங்குவது, ஒரே கணினியில் நூற்றுக்கணக்கில் ஓடுவது எல்லாம் இந்தச் சிக்கனத்தால் வந்தவை. அதைக் குறைத்து மதிப்பிட நான் தயாராக இல்லை. ஆனால் இதே சிக்கனம் எங்கே ஆபத்தாக மாறும் என்பதை 2022-இல் ஒரு பிழை துல்லியமாகக் காட்டியது.

ஜெர்மனியில் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் பணிபுரிந்த மேக்ஸ் கெல்லர்மன், 2021 ஏப்ரலில் வந்த ஒரு புகாரைத் தொடர்ந்து போனார். சுருக்கி வைத்த லாக் கோப்புகளை விரிக்க முடியவில்லை. அவற்றின் கடைசி எட்டு பைட்கள் கெட்டிருந்தன. வட்டு கெட்டிருந்தால் ஏதோ குப்பை இருக்கும். இங்கே ஒவ்வொரு கோப்பிலும் அதே எட்டு பைட்கள், அதுவும் ஜிப் கோப்பின் தலைப்பில் வருபவை. அந்த லாக் கோப்புகளில் எழுத உரிமையே இல்லாத ஒரு ப்ராசஸின் தரவு அவற்றுக்குள் புகுந்திருந்தது. பல மாதங்கள் துருவிய பிறகு, பிழை கெர்னலில் இருப்பதைக் கண்டார். 2022 மார்ச் 7 அன்று அவர் அதை வெளியிட்டபோது வைத்த பெயர் டர்ட்டி பைப். பதிவு எண் CVE-2022-0847.

அதன் இயக்கம் இப்படி. ஒரு கோப்பின் தரவை பைப்புக்குள் அனுப்ப `splice()` என்று ஒரு சிஸ்டம் கால் உண்டு. அது தரவைப் பிரதியெடுப்பதில்லை. பேஜ் கேஷிலுள்ள அந்தப் பக்கத்தையே பைப்பில் கோத்துவிடுகிறது. பைப்பின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு கொடி உண்டு: ‘அடுத்து எழுதப்படுவதை இதே பக்கத்தில் ஒட்டலாம்’ என்று அது சொல்லும். பைப்பை ஒருமுறை நிரப்பிக் காலி செய்தால் எல்லா அறைகளிலும் இந்தக் கொடி ஏறி நிற்கும். பின்பு `splice()` கோப்பின் பக்கத்தை அந்த அறையில் வைக்கும்போது பழைய கொடியைத் துடைக்க வேண்டும். கெர்னல் அதை மறந்துவிட்டது. கொடி துடைக்கப்படாத நிலை ஏற்கெனவே இருந்ததுதான். 5.8 பதிப்பில் கொடி இந்த வடிவத்துக்கு வந்தபோது அது திறந்த வாசலாயிற்று. அடுத்து பைப்பில் எழுதுவது நேராகப் பேஜ் கேஷில் விழுகிறது. கோப்பைப் படிக்க மட்டும் உரிமை இருந்தால் போதும். பக்கத்தின் முதல் பைட்டை மாற்ற முடியாது, பக்க எல்லையைத் தாண்ட முடியாது, கோப்பை நீட்ட முடியாது என்ற மூன்று தடைகளைத் தவிர வேறு தடை இல்லை.

இதைக் கன்டெய்னருக்குள் வைத்துப் பாருங்கள். ஒரே இமேஜிலிருந்து வந்த இரண்டு கன்டெய்னர்கள். ஒன்று தாக்குபவருடையது, மற்றொன்று உங்களுடையது. வழக்கமாகத் தாக்குபவர் `libc`-யில் எழுத முயன்றால், ஓவர்லே அந்தக் கோப்பை அவருடைய மேல் அடுக்குக்குப் பிரதியெடுத்து, மாற்றத்தை அங்கேயே அடைத்துவிடும். டர்ட்டி பைப்பில் கோப்பு படிப்பதற்கு மட்டுமே திறக்கப்படுவதால் பிரதியெடுக்கும் கட்டமே வருவதில்லை. அடி அடுக்கின் பக்கம் நினைவகத்தில் மாறுகிறது. அதே பக்கத்தைத்தான் உங்கள் கன்டெய்னரும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. நேம்ஸ்பேஸ்கள் எதுவும் உடையவில்லை, யாரும் எந்தச் சுவரையும் தாண்டவில்லை. ஆனாலும் அவருடைய கட்டளை உங்கள் ப்ராசஸில் ஓடுகிறது.

கண்டுபிடிப்பதும் கடினம். மாறிய பக்கத்தைக் கெர்னல் ‘மாறியது’ என்று குறித்துக்கொள்ளாததால் அது வட்டுக்கு எழுதப்படுவதில்லை; கோப்பின் நேரமும் மாறாது. மேல் அடுக்கு காலியாகவே இருப்பதால் `docker diff` எதையும் காட்டாது. கன்டெய்னருக்குள் `sha256sum` எடுத்து இமேஜின் மூலத்தோடு ஒப்பிட்டால்தான் வேறுபாடு தெரியும். கணினியை மறுதொடக்கம் செய்தால் அந்தத் தடயமும் போய்விடும்.

டாக்கர் தரும் தற்காப்புகள் இங்கே என்ன செய்தன? இயல்பான செக்காம்ப் வடிகட்டி, முந்நூற்றுக்கு மேற்பட்ட சிஸ்டம் கால்களில் நாற்பத்துச் சொச்சத்தைத் தடுக்கிறது. `pipe`, `splice`, `write` மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. அன்றாடம் தேவைப்படும் கால்களைத் தடுக்கவும் முடியாது. ரூட்டைச் சாதாரணப் பயனராக மாற்றும் யூசர் நேம்ஸ்பேஸும் உதவாது; பயனர் எண்ணைக் கேட்கும் இடத்துக்கே இந்தத் தாக்குதல் போகவில்லை. இமேஜ் ஸ்கேனர்கள் இந்த விஷயத்தில் முழுக் குருடு: அவை இமேஜில் உள்ளதைத்தான் பார்க்கும், பிழையோ இமேஜில் இல்லாத கெர்னலில் இருக்கிறது. “எங்கள் இமேஜ்கள் அனைத்தும் சுத்தம்” என்று பச்சை அறிக்கையை நீட்டுபவர்களிடம் நான் கேட்பது, ஹோஸ்டில் `uname -r` என்ன சொல்கிறது என்பதைத்தான்.

விர்ச்சுவல் மெஷினுக்குள் இதே தாக்குதல் நடந்தால், அந்த மெஷினின் சொந்தக் கெர்னல் ஏமாறும், தாக்குபவர் அதற்குள் ரூட் ஆவார். அங்கே கதை நின்றுவிடுகிறது. இரண்டு மெஷின்கள் ஒரே அடிப்படை வட்டு இமேஜைப் பகிர்ந்தாலும், ஒன்றின் பேஜ் கேஷ் மற்றொன்றின் நினைவகத்தில் இல்லை. வெளியே வர வேண்டுமானால் ஹைப்பர்வைசரையோ, அது போலியாக உருவாக்கித் தரும் வட்டு, நெட்வொர்க் கார்டு போன்ற சாதனங்களையோ உடைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான சிஸ்டம் கால்கள் திறந்திருக்கும் எல்லையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறுகிய எல்லை.

குறுகியது என்றாலும் ஓட்டையில்லாதது அல்ல. 2015 மே மாதம் வெளிவந்த வெனம் என்ற பிழை, கியூஎம்யு உருவாக்கிய ஃப்ளாப்பி கன்ட்ரோலரில் இருந்தது. 2004 முதல் யாரும் கவனிக்காமல் கிடந்த நிரல் அது. மெஷினுக்கு ஃப்ளாப்பி டிரைவ் கொடுக்காவிட்டாலும் கன்ட்ரோலரின் நிரல் உள்ளே ஓடியதால், கெஸ்டின் ரூட் அதன் வழியே ஹோஸ்டின் கியூஎம்யு ப்ராசஸைப் பிடிக்க வாய்ப்பிருந்தது. 2018-இல் வெளியான எல்1டிஎஃப் பிழையோ சிபியுவின் எல்1 கேஷ் வழியாக மெஷின்களுக்கிடையே தரவைக் கசியவிட்டது; தனிக் கெர்னல் அங்கே பயன்படவில்லை. பராமரிப்பிலும் விர்ச்சுவல் மெஷினுக்கு ஒரு பாதகம் உண்டு. டர்ட்டி பைப்புக்குத் திருத்தம் வந்தபோது, கன்டெய்னர் ஹோஸ்ட் ஒன்றின் கெர்னலை மாற்றி மறுதொடக்கம் செய்தால் அதிலிருந்த அத்தனை கன்டெய்னர்களும் ஒரே நேரத்தில் தப்பின. நாற்பது மெஷின்கள் இருந்தால் நாற்பது கெர்னல்களையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். அதில் யாரோ மறந்த ஒரு பழைய மெஷின் பல ஆண்டுகள் அப்படியே ஓடும்.

ஆகவே எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. யாருடைய நிரல் யாருடைய நிரலோடு ஒரே பேஜ் கேஷில் உட்காரலாம் என்பதுதான் என் கேள்வி. ஒரே குழு எழுதிய பத்துச் சேவைகள் ஒரு கெர்னலைப் பகிர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முன்பின் தெரியாத வாடிக்கையாளர்கள் பதிவேற்றும் நிரல்களை வெறும் கன்டெய்னர்களில் அடுத்தடுத்து ஓட்டுவது பொறுப்பற்ற வேலை. விலை குறைவு என்பது அதற்குச் சாக்காகாது. விலை வித்தியாசமும் முன்புபோல் இல்லை. அமேசான் 2018-இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், போலிச் சாதனங்களை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்தது. அதில் ஒரு மெஷின் 125 மில்லி விநாடிக்குள் பயனர் நிரலைத் தொடங்கிவிடும். மேற்பார்வை ப்ராசஸுக்கு 5 எம்பிக்கும் குறைவாகவே நினைவகம் போகும். கெஸ்ட் கெர்னலும் அதன் பேஜ் கேஷும் பிடிக்கும் இடம் இந்த 5 எம்பியில் அடங்காது. அதை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்கிற இடத்தில் மீண்டும் பொதுப் பக்கங்களுக்கே வந்து நிற்போம்.