சமன் செய்வது எப்போது சரி?

பந்திங்கிலும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டச் சாலைகளிலும், கிளம்ப மறுக்கும் காரை இன்னொரு காரின் பெட்டரியோடு ஜம்பர் வயரால் இணைத்துக் கிளப்புவது எல்லோரும் பார்த்த காட்சி. மின்சுற்றுப் பாடத்தின் இரண்டு தேற்றங்களை எடைபோட இந்தச் சுற்றே போதும். ஒன்று மேற்பொருந்தல் தேற்றம், மற்றது பெருமத் திறன் மாற்றத் தேற்றம். முதலாவது நல்ல கருவி. இரண்டாவதும் உண்மைதான், ஆனால் அதைக் கற்பிக்கும் வழக்கத்தில் ஒரு குறை இருக்கிறது. 'சுமையின் மின்தடை மூலத்தின் அக மின்தடைக்குச் சமமாக இருக்க வேண்டும்' என்று மாணவர் மனப்பாடம் செய்கிறார். எதை மாற்ற நமக்கு உரிமை இருக்கும்போது அது பொருந்தும் என்ற கேள்வியை வகுப்பில் யாரும் எழுப்புவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. சோர்ந்த பெட்டரிக்கு 11.4 வோல்ட், அக மின்தடை 0.06 ஓம். உதவிக்கு வந்த பெட்டரிக்கு 12.6 வோல்ட், அதன் அக மின்தடை 0.01 ஓம், ஜம்பர் வயர்கள் 0.02 ஓம், ஆக மொத்தம் 0.03. ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது 0.08 ஓம் மின்தடைபோல நடந்துகொள்கிறது என்று கொள்வோம். சோர்ந்த பெட்டரி தனியாக முயன்றால் மோட்டாருக்கு ஏறக்குறைய 6.5 வோல்ட்தான் கிடைக்கும். 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும்.

இப்போது இரண்டும் சேர்கின்றன. மேற்பொருந்தல் சொல்வது: ஒரு நேரத்தில் ஒரு மூலத்தை மட்டும் வைத்துக்கொள், மற்றதன் மின்னழுத்தத்தைச் சுழியாக்கு, ஆனால் அதன் மின்தடையை இருந்த இடத்திலேயே விட்டுவிடு. சோர்ந்த பெட்டரி மட்டும் இருந்தால் மோட்டாரின் குறுக்கே 3.04 வோல்ட். உதவிப் பெட்டரி மட்டும் இருந்தால் 6.72 வோல்ட். கூட்டினால் 9.76 வோல்ட், 122 ஆம்பியர். மோட்டார் சுழன்றுவிடும். சுற்று முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்தால் குழப்பம் தரும் கணக்கு, இரண்டு எளிய கணக்குகளாகப் பிரிந்து விடைக்கு வந்துவிடுகிறது. எந்தப் பெட்டரியின் பங்கு எவ்வளவு என்பதும் தெரிகிறது.

அதன் எல்லையும் இதே எண்களில் இருக்கிறது. 3.04 வோல்ட் தரும் திறன் சுமார் 116 வாட், 6.72 வோல்ட் தருவது சுமார் 564 வாட். கூட்டினால் 680. ஆனால் 9.76 வோல்ட்டில் மோட்டார் உண்மையில் பெறும் திறன் 1,190 வாட். மின்னழுத்தத்தைக் கூட்டலாம், திறனைக் கூட்டக்கூடாது. திறன் மின்னழுத்தத்தின் இருமடியைச் சார்ந்தது. தேர்வுத்தாளில் இந்தத் தவறு எளிதில் நுழையும். இன்னொன்று, தேற்றம் நேரியல் சுற்றுக்கு மட்டுமே உரியது. மோட்டார் சுழலச் சுழல எதிர் மின்னழுத்தம் எழுப்பும், ஆகவே 0.08 ஓம் என்பது ஒரு கணத்தின் படம் மட்டுமே.

இரண்டு பெட்டரிகளையும் சேர்த்து ஒரே மூலமாகச் சுருக்கினால் 12.2 வோல்ட், 0.02 ஓம் கிடைக்கும். இந்தச் சுருக்கத்தை 1853-இலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியிருந்தும், 1883-இல் அதை வெளியிட்ட தெவனின் பெயரே நிலைத்துவிட்டது. இனி இரண்டாம் தேற்றத்துக்கு வருவோம். அதன்படி சுமை 0.02 ஓமாக இருந்தால் திறன் உச்சத்தைத் தொடும்: 305 ஆம்பியர், 1,860 வாட். முன்பைவிட 56 விழுக்காடு அதிகம். ஆனால் ஏறக்குறைய அதே அளவு, சுமார் 1,880 வாட், பெட்டரிகளிலும் வயரிலும் வெப்பமாகிறது. முன்பு அங்கே வீணானது சுமார் 314 வாட்தான். மோட்டாரின் மின்னழுத்தம் 6.1 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், அந்த அளவில் காரின் கணினி அணைந்துபோகக்கூடும். இந்தச் சமன்நிலையைக் கார் தயாரிப்பவர் தவிர்க்கிறார், தவிர்க்கவும் வேண்டும்.

சரி, திறன் போதாதபோது என்ன செய்வது? சுமையைத் தொடாமல் மூலத்தின் தடையைக் குறைப்பதுதான் வழி. வயரின் 0.02 ஓமை 0.01 ஆக்கும் தடித்த செம்பு வயரைப் போட்டுப் பாருங்கள். மூலம் 12.3 வோல்ட், 0.015 ஓம் ஆகிறது, மோட்டாருக்கு 10.4 வோல்ட், சுமார் 1,340 வாட். 'சமம்' என்ற நிலையிலிருந்து இன்னும் விலகிப் போனோம், திறனோ கூடியது. தேற்றம் பொய்த்துவிடவில்லை. மூலம் மாறாதது, சுமை நம் கையில் இருப்பது என்றால் மட்டுமே அது பேசும். சுமை மாறாததாக இருந்தால் மூலத்துக்கு மிகச் சிறந்த அக மின்தடை சுழியே.

பட்டறையில் வயரின் தடையைச் சோதிக்க மல்டிமீட்டர் ஒன்று போதும். ஸ்டார்ட்டர் சுழலும்போது, ஒரு வயரின் இரு முனைக் கவ்விகளுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். நம் கணக்கில் உதவிப் பெட்டரியிலிருந்து வருவது சுமார் 95 ஆம்பியர், ஆகவே சிவப்பு, கறுப்பு வயர்கள் இரண்டிலுமாக 1.9 வோல்ட் தொலைகிறது. மலிவான வயர்களில் பல, செம்பு பூசிய அலுமினியம். ரப்பர் உறைதான் தடிமன். கவ்வி சுடுகிறதென்றால் தடை அங்கேயே இருக்கிறது.

'சமம்' பற்றிய குழப்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1838-இல் நேவா ஆற்றில் மின்மோட்டாரால் படகு ஓட்டிய யாக்கோபியின் பெயராலும் பெருமத் திறன் மாற்றத் தேற்றம் வழங்குகிறது. அதை மின்இயந்திரங்களின் பயனுறுதிறனுக்கே பாதி என்ற வரம்பு போடுவதாகப் பலர் வெகுகாலம் வாசித்தனர். 1880-ஐ ஒட்டி எடிசனும் அவருடைய கணிதவியலாளர் அப்டனும் சுமையைவிட மிகக் குறைந்த அக மின்தடையுள்ள டைனமோக்களை உருவாக்கிய பிறகே அந்தக் குழப்பம் விலகியது. இன்றைய மின்விநியோகமும் அந்த வழியில்தான் நடக்கிறது.

அப்படியானால் சமன் செய்வது வீண்வேலையா? இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் பண்பலையை 96.3 மெகாஹெர்ட்ஸில் பிடிக்க, பட்டை வயரால் செய்த மடிப்பு ஆண்டெனாவை எடுத்துக்கொள்வோம். நீளம் ஏறத்தாழ 1.5 மீட்டர், மின்தடை சுமார் 300 ஓம். வானொலியின் உள்ளீடு 75 ஓம். ஆண்டெனாவில் 2 மில்லிவோல்ட் எழுவதாகக் கொண்டால், நேரடியாக இணைக்கும்போது வானொலிக்கு 0.4 மில்லிவோல்ட் வருகிறது. நடுவே 2:1 சுற்று விகிதமுள்ள சிறு மின்மாற்றியை வைத்தால், இருமடி விகிதத்தில் 75 ஓம் ஆண்டெனாவுக்கு 300 ஓமாகத் தெரியும். வானொலிக்கு 0.5 மில்லிவோல்ட் கிடைக்கும். முன்பு கிடைத்தது, கிடைக்கக்கூடிய திறனில் 64 விழுக்காடு மட்டும்; இப்போது முழுவதும். இங்கே மூலத்தை நாம் மாற்ற முடியாது, வீணாகும் பாதிக்கு யாரும் கட்டணம் கட்டுவதுமில்லை. தேற்றம் தன் சொந்த இடத்தில் நிற்கிறது. சிக்னல் வலுவாக உள்ள இடத்தில் இந்த வேறுபாடு காதுக்குத் தெரியாது. இரைச்சலோடு மெலிந்து வரும் இடத்தில் தெரியும்.

மின்சுற்று கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தேற்றத்துக்குத் தரும் பயிற்சித் தாளில் இன்னொரு கேள்வியைச் சேருங்கள்: சுமை 0.08 ஓம் என்று நிலையாக இருந்தால், அதிகத் திறன் பெற மூலத்தின் அக மின்தடை எவ்வளவாக இருக்க வேண்டும்? '0.08' என்று எழுதும் மாணவருக்குத் தேற்றம் மனப்பாடம் ஆகியிருக்கிறது, இன்னும் புரியவில்லை.