பேரன் கையும் அப்பத்தாவின் நினைவும்

காரைக்குடிப் பக்கம் எங்கள் உறவில் ஓர் அப்பத்தா. மகள் மெல்போர்னில். ஜூன் மாதத்தில் இங்கே மாலை மூன்றரை என்றால் அங்கே இரவு எட்டு. அந்த நேரத்தில் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு வரும். ஒரு சனிக்கிழமை பழைய கைபேசி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. மகன் புதுக் கைபேசி வாங்கித் தர, பிளஸ் டூ படிக்கும் பேரன் கணக்கை மீட்க உட்கார்ந்தான்.

எண்ணைப் போட்டான். குறுஞ்செய்தியில் ஆறு இலக்கக் குறியீடு வந்தது. அதையும் போட்ட பிறகு இன்னோர் ஆறு இலக்க எண் கேட்டது. அது இரட்டைச் சரிபார்ப்பின் PIN. இரண்டு வருடத்துக்கு முன் மூத்த பேரன் வைத்தது. அவனுக்கே இப்போது நினைவில்லை. மின்னஞ்சலும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் "Forgot PIN?" என்பதைத் தொட்டதும் அந்த முகவரிக்கு மீட்பு இணைப்பு வந்திருக்கும். இல்லாததால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும் என்றது திரை.

"ஏழு நாளாய்யா? அங்க பிள்ள பயந்துரும்" என்றார் அப்பத்தா. பேரன் தன் கைபேசியிலிருந்தே அத்தையை அழைத்துக் கொடுத்தான். அன்றைக்குப் பேச்சு நிற்கவில்லை.

பெரியவரின் கைபேசியைப் பேரன் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் இன்று வழக்கமாகிவிட்டது. இந்த ஏற்பாட்டின் பலம் இங்கே தெரிகிறது. அப்பத்தா கைபேசிக் கடைக்குப் போகவில்லை. முன்பின் தெரியாதவரிடம் குறியீட்டைச் சொல்லவில்லை. அந்த ஆறு இலக்கத்தை யாரிடம் சொல்கிறோமோ அவர் நம் கணக்கைத் தன் கைபேசிக்கு மாற்றிக்கொள்ள முடியும். பேரன் பக்கத்திலேயே இருந்ததால் குறியீடு வீட்டைத் தாண்டவில்லை.

ஏழு நாள் தடையையும் குறையென்று சொல்லமாட்டேன். குறியீட்டை ஏமாற்றிப் பெற்ற அந்நியர் கையில் கணக்கு உடனே போய்விடாமல் காப்பதும் அதே தடைதான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மூத்த பேரன் அன்று கைபேசியைத் தன் கைக்கு வாங்கி, எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் முடித்துத் திருப்பிக் கொடுத்தான். கணக்கு அப்பத்தாவுடையது, அதன் சாவி அவன் தலைக்குள். அவன் மறந்தபோது வீடே மறந்தது. சின்னவனும் முதலில் அதே அவசரத்தில், "புது சிம் போட்டுரலாம் அப்பத்தா" என்றான். புது எண் என்றால் புதுக் கணக்கு. குடும்பக் குழுக்களில் மீண்டும் சேர வேண்டும், உறவுக்கெல்லாம் எண்ணைச் சொல்ல வேண்டும். ரீசார்ஜ் இல்லாமல் துண்டிக்கப்பட்ட பழைய எண், 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். நல்லவேளை, அப்பத்தா சம்மதிக்கவில்லை.

ஏழு நாள் கழிந்து கணக்கு திறந்தது. பழைய உரையாடல்கள் வரவில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் அவை கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால், அதே எண்ணும் அதே கூகுள் கணக்கும் இருந்தால்தான் மீளும். எந்தக் கணக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. மெல்போர்ன் பேத்தி முதல் அடி வைத்த காணொளி அப்படிப் போயிற்று. மகளிடம் பிரதி இருந்ததால் திரும்பக் கிடைத்தது.

இந்த முறை சின்னவன் வேறு விதமாகச் செய்தான். கைபேசியை அப்பத்தா கையிலேயே விட்டு, எதைத் தொட வேண்டும் என்று மட்டும் சொன்னான். "நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க, மறக்காததா" என்றான். தம்பி வீட்டின் பழைய லேண்ட்லைன் எண் ஆறு இலக்கம். அந்த இணைப்பு போய்ப் பல வருடமாகியும் அப்பத்தாவுக்கு அது மனப்பாடம். அதைத் தலைகீழாக்கி அவரே அழுத்தினார். Settings, Account, Two-step verification என்ற வழியில் போய் மகனின் மின்னஞ்சலையும் சேர்த்தார்கள். கூகுள் கணக்கின் பெயரை ஒரு தாளில் எழுதி, குடும்ப அட்டை இருக்கும் உறையில் வைத்தார்கள். இதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூத்தவனின் வழியில் ஐந்து நிமிடம்தான்.

இந்த முக்கால் மணியையும் மிகைப்படுத்தக் கூடாது. கண் மங்கியவருக்கும் கை நடுங்குபவருக்கும் எல்லாவற்றையும் தாமே அழுத்த முடியாது. அவர்களுக்குப் பேரன்தான் செய்ய வேண்டும். ஆனால் அங்கேயும் எண்ணைத் தேர்வது பெரியவராக இருக்கலாம். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கலாம்.

பேரன் கை உதவட்டும், அதில் தவறில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவரின் கணக்குக்கு என்ன PIN, எந்த மின்னஞ்சல் என்று இன்றைக்கே அவரோடு உட்கார்ந்து பாருங்கள். கைபேசி தண்ணீரில் விழுந்த பிறகு அவற்றைத் தேட முடியாது.