ஐம்பதாவது விநாடியில் வந்த அடி

கல்மண்டபம் பக்கம் கேரம் போர்டு வாங்க வருபவர் கடைக்காரர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்தில் ஓங்கி அடித்து, எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணுவார். போட்டித் தரமான போர்டில் அது மூன்றரை முறையாவது குறுக்கே ஓட வேண்டும். 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வளர்ந்த வடசென்னையில், சின்னப் பையன்களும் அறிந்த சோதனை இது.

எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் தன் போர்டைக் காட்ட எடுத்த ஒன்றரை நிமிட வீடியோவில் அந்த அடி ஐம்பதாவது விநாடியில்தான் வந்தது. முதல் எட்டு விநாடி சுழலும் லோகோ. பிறகு வணக்கம், பட்டறை தொடங்கிய கதை, பலகை வாங்கும் இடம்.

யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் எத்தனை பேர் தங்கினார்கள் என்று காட்டும் கோட்டைத் திறந்தோம். தொடக்கத்தில் கொஞ்சம் இறங்குவது எல்லா வீடியோவிலும் உண்டு. தவறி வந்தவர்கள் போய்விடுவார்கள். இங்கே லோகோ முடிவதற்குள் கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. நான் அதைவிட முக்கியமாகப் பார்த்தது, ஐம்பதாவது விநாடியில் இருந்த சிறு மேட்டை. அங்கே மேடு எழுந்தால், சிலர் தாவி அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள் அல்லது திருப்பிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். எந்தக் காட்சி முன்னால் வர வேண்டும் என்பதைப் பார்த்தவர்களே சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அவர் முதலில் மாற்றியது வேறு. ஒரே அடியில் மூன்று காய் பாக்கெட்டுக்குப் போகும் வித்தையைத் தொடக்கத்தில் வைத்தார். ஐந்து விநாடி எல்லோரும் இருந்தார்கள். போர்டைப் பற்றிப் பேச்சு வந்ததும் கோடு அதே ஆழத்துக்கு விழுந்தது. அந்த வித்தை ஆடுபவரின் கைத்திறன். போர்டின் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை, விரல் ஸ்ட்ரைக்கரைத் தொட்டபடியே வீடியோ தொடங்கியது. ஒரே விநாடியில் அடி. பலர் சத்தமில்லாமல் பார்ப்பதால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் 1, 2, 3 என்று பெரிய எழுத்தில் எண். காட்சியை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தோம். நடுவில் வெட்டினால் இரண்டு அடிகளை ஒட்டியதாகச் சந்தேகம் வரும். நேர் மேலே இருந்த ட்யூப்லைட் பலகையில் பளபளத்து ஸ்ட்ரைக்கரை மறைத்தது. அதை அணைத்துவிட்டுப் பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில், விநாடிக்கு 60 ஃபிரேமில் எடுத்த பிறகே ஓட்டம் தெளிவாகத் தெரிந்தது. போர்டின் பெயர் ஐந்தாவது விநாடியில், ஓர் ஓரத்தில்.

யூடியூபில் ஏற்றிய வீடியோவுக்குப் பதிலாக அதே இணைப்பில் வேறொன்றை வைக்க முடியாது. ஏற்றியதில் வேண்டாத பகுதியை நறுக்க முடியும். பார்வை எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஆகவே பழையதில் லோகோவை நறுக்கினோம், புதியதைத் தனியாக ஏற்றினோம். தலைப்பையும் முகப்புப் படத்தையும் மாற்றவில்லை. அவையும் மாறினால், கோடு எதனால் நிமிர்ந்தது என்று பிரித்தறிய முடியாது.

புதியதில் தொடக்கச் சரிவு மென்மையாக இருக்கிறது. அடுத்த சரிவு இருபதாவது விநாடியில், சட்டத்தின் மரத்தைப் பற்றி நீளமாகப் பேசும் இடத்தில் தெரிகிறது. இந்த வாரம் அங்கே கை வைக்கிறோம்.